குறியீட்டு வழி இரு பட்டியல்களை இணைத்தல்: பேராக் தமிழ்ப்பள்ளிப் பெயர்களை முன்வைத்து

பேராக் மாநிலத்தில் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அரசின் பள்ளிப் பட்டியலில் அவற்றின் பெயர்கள் ரோமன் எழுத்தில், மலாய் முறைப்படி எழுதப்பட்டிருக்கின்றன. அப்பெயர்களைத் தமிழில் எழுதி ஒரு நூலிலோ, பரிசளிப்பு விழா நிரலிலோ அச்சிட வேண்டுமாயின், தமிழ்ப் பெயர்களைக் கொண்ட மற்றொரு பட்டியல் நம்மிடம் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் பிழையின்றி ஒன்றாக்குவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள். முதலாவதை மாற்றுப் பட்டியல் என்போம். அது பிடிஎஃப் கோப்பாக வந்து, நம்மால் விரிதாளாக மாற்றப்பட்டது. இரண்டாவதை முதன்மைப் பட்டியல் என்போம். அது ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரே ஒரு கிடைவரிசை என்னும் ஒழுங்கில், சரிபார்த்துப் பேணப்படுவது.

பெயரைக் கொண்டே பெயரைத் தேடலாமே என்று மாணவர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால் பேராக்கின் தோட்ட வரலாறு அதற்கு இடந்தருவதில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டத்தில் நிருவாகமே பள்ளி அமைத்துத் தர வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. எனவே பள்ளிகள் ஊருக்கு ஒன்றாக அமையவில்லை. தோட்டத்துக்கு ஒன்றாக, சில இடங்களில் தோட்டத்தின் பிரிவுக்கு ஒன்றாக அமைந்தன. கீழ்ப் பேராக்கின் ஜெண்டராத்தா தோட்டத்துப் பள்ளிகள் இன்றும் முதற்பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்றே வழங்கப்படுகின்றன. மலாயில் அது பாஹாகியான் என்னும் சொல். ஒரு பட்டியலில் அச்சொல் முழுமையாக இருக்கும். இன்னொன்றில் மூன்றெழுத்துச் சுருக்கமாக இருக்கும். வேறொன்றில் சுருக்கத்தின் பின் ஒரு புள்ளியும் இருக்கும். மனிதக் கண்ணுக்கு இவை மூன்றும் ஒன்றே. கணினிக்கு மூன்றும் வேறு. அதே வேளையில் முதற்பிரிவையும் இரண்டாம் பிரிவையும் பிரித்துக் காட்டுவது ஒரே ஓர் இலக்கம். வேறுபடாதவற்றை வேறென்றும், வேறுபடுபவற்றை ஏறக்குறைய ஒன்றென்றும் காட்டும் அடையாளம், தேடுதற்கு உதவாது.

மலாய் எழுத்துக்கூட்டல் 1972இல் சீரமைக்கப்பட்டபோது தெலோக் என்பது தெலுக் ஆயிற்று, குனோங் என்பது குனுங் ஆயிற்று. தெலுக் ஆன்சன் நகரமோ 1982இல் தெலுக் இந்தான் என்று பெயரே மாறியது. பழைய ஆவணங்களில் பழைய வடிவமும், புதியவற்றில் புதிய வடிவமும் நிற்கின்றன. இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. துன் சம்பந்தன் பெயரில் பீடோரிலும் ஒரு தமிழ்ப்பள்ளி உள்ளது, சிலாங்கூரின் சுபாங்கிலும் ஒன்று உள்ளது. பெயர் ஒன்று, பள்ளி வேறு.

தமிழ் வடிவத்தைக் கொண்டு தேடினாலும் நிலைமை சீர்படாது. ‘கொ’ என்னும் எழுத்தை யுனிகோடில் இரு வகையாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒன்று. ககரத்தோடு ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இடுவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். விரிதாளின் LEN சார்போ ஒன்றுக்கு 2 என்றும் மற்றொன்றுக்கு 3 என்றும் விடை தரும். பழைய எழுத்துருக்களிலிருந்து யுனிகோடுக்கு மாற்றப்பட்ட மலர்களிலும் ஆண்டறிக்கைகளிலும் இவ்விரண்டாம் வடிவம் அடிக்கடி தென்படுகிறது. ‘ஸ்ரீ’ என்னும் எழுத்துக்கும் இதே போல இரு சேமிப்பு வடிவங்கள் உண்டு. கோயில் பெயரையோ செட்டியார் பெயரையோ தேடி ஏமாந்தவர்கள் இதனை அறிவர்.

எனவே குறியீட்டைப் பற்றிக்கொள்கிறோம். மலேசியாவில் ஒவ்வொரு பள்ளிக்கும் கல்வியமைச்சு வழங்கிய குறியீடு ஒன்று உண்டு. அது மூன்று எழுத்தும் நான்கு இலக்கமுமாக ஏழு இடங்களைக் கொண்டது. முதலெழுத்து மாநிலத்தைக் குறிக்கும். பேராக்குக்கு A, சிலாங்கூருக்கு B, ஜோகூருக்கு J. பேராக்கின் தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் யாவும் ABD என்று தொடங்கும். பெயர் எவ்வாறு எழுதப்பட்டாலும் இவ்வேழு இடங்களுக்கு ஒரே வடிவந்தான். ஏழு என்னும் இந்த நீளமும், எழுத்து முன் இலக்கம் பின் என்னும் இந்த ஒழுங்கும் பின்னர் நமக்குப் பெருந்துணையாக வரும்.

இனி நான்கு பள்ளிகளைக் கொண்டு செய்து பார்ப்போம். கீழ்வரும் குறியீடுகள் விளக்கத்துக்காக நாம் இட்டவை. அப்பள்ளிகளின் உண்மைக் குறியீடுகள் அல்ல. முதன்மைப் பட்டியல் உள்ள தாளுக்கு Master என்று பெயரிட்டுள்ளோம். அதன் A நெடுவரிசையில் குறியீடும் B நெடுவரிசையில் தமிழ்ப் பெயரும் உள்ளன.

```
ABD9001   எல்பில் தோட்டத் தமிழ்ப்பள்ளி
ABD9002   கிந்தா கெல்லாஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி
ABD9004   குனோங் ராப்பாட் தமிழ்ப்பள்ளி
ABD9007   துன் சம்பந்தன் தமிழ்ப்பள்ளி, பீடோர்
```

மாற்றுப் பட்டியல் உள்ள தாளின் பெயர் Converted. அதன் A நெடுவரிசையில் கோப்பிலிருந்து வந்த குறியீடும், B நெடுவரிசையில் ரோமன் எழுத்துப் பெயரும் உள்ளன.

```
ABD9001   SJK(T) LADANG ELPHIL
ABD90O2   SJK(T) LADANG KINTA KELLAS
ABD9004   SJK(T) GUNUNG RAPAT
ABD9007   SJK(T) TUN SAMBANTHAN
```

இரண்டாம் கிடைவரிசையை உற்று நோக்குக. அங்கே சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் ஓ என்னும் ரோமன் எழுத்து வந்துள்ளது. அச்சுத்தாளை வருடி எழுத்துணர் மென்பொருளால் படித்தெடுக்கும்போது நேரும் மிகப் பழைய பிழை இது. மூன்றாம் கிடைவரிசையிலும் ஒரு குறை உண்டு. ஆனால் அதைக் கண்ணால் காண இயலாது. குறியீட்டின் முடிவில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டுள்ளது.

இத்தகைய பட்டியலை நாம் முதன்முறை இணைத்தபோது எழுதிய சூத்திரம் இது:

```
=VLOOKUP(A2,Master!$A$2:$B$5,2)
```

VLOOKUP சார்பு A2இல் உள்ள குறியீட்டை எடுத்துக்கொண்டு, முதன்மைப் பட்டியலின் முதல் நெடுவரிசையில் தேடி, அகப்பட்ட கிடைவரிசையின் இரண்டாம் நெடுவரிசையில் உள்ளதைக் கொணர்ந்து தரும். டாலர் குறிகள், சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது தேடும் பரப்பு நகராமல் இருப்பதற்காக. அவற்றை விட்டுவிட்டால் பரப்பு ஒவ்வொரு படியாகக் கீழிறங்கி, மேலேயுள்ள பள்ளிகள் ஒவ்வொன்றாகப் பரப்பிலிருந்து நழுவும். மாணவர் பலர் முதலில் இடறும் இடம் இதுவே.

சூத்திரம் நான்கு கிடைவரிசைகளையும் நிரப்பியது. ஒரு பிழைக்குறியும் இல்லை. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அது தந்த விடை இது: எல்பில், துன் சம்பந்தன், குனோங் ராப்பாட், துன் சம்பந்தன். கிந்தா கெல்லாஸ் எங்கும் இல்லை. பத்து காஜாவுக்கு அருகே, கெல்லியின் மாளிகையைக் கட்டத் தொடங்கிய வில்லியம் கெல்லி ஸ்மித்தின் ரப்பர்த் தோட்டத்து நினைவைத் தாங்கும் பெயர், ஒரு சுழியம் ஓ ஆனதால் பட்டியலைவிட்டே போயிற்று. நான்கு வரிகளில் இது கண்ணில் படும். நூற்று முப்பத்து நான்கு வரிகளில் படாது. அப்பட்டியலைக் கொண்டு நூல்களைப் பொதி கட்டினால் ஒரு பள்ளிக்கு இரு பொதிகள் போகும். மற்றொரு பள்ளியின் பிள்ளைகளுக்கு ஒன்றும் போகாது.

இது ஏன் நேர்ந்தது? VLOOKUP சார்புக்கு நான்காவதாக ஓர் உள்ளீடு உண்டு. அதை எழுதாமல் விட்டால், சார்பு அதனை TRUE என்று கொள்ளும். TRUE என்பதன் பொருள், சரியான பொருத்தம் இல்லையெனில் அதற்கு முந்தைய சிறிய மதிப்பை எடுத்துக்கொள் என்பது. மதிப்பெண்ணுக்குத் தரம் இடுவதற்கு இது மிகப் பொருத்தமானது. 40க்கும் 50க்கும் இடைப்பட்ட 47 மதிப்பெண் 40இன் தரத்தைப் பெற வேண்டுமல்லவா? பள்ளிக் குறியீட்டில் இடைப்பட்டது என்று ஒன்றில்லை. வரிசைப்படுத்தும்போது இலக்கங்கள் முன்னும் எழுத்துகள் பின்னும் வரும். எனவே ABD90O2 என்பது, ABD9001 முதல் ABD9007 வரை உள்ள யாவற்றினும் பெரியதாகக் கணக்கிடப்படுகிறது. அதற்கு முந்தைய சிறிய மதிப்பு ABD9007. துன் சம்பந்தன் இரண்டாம் முறை வந்தது இவ்வாறே.

மூன்றாம் கிடைவரிசை இன்னும் நுண்ணிய பாடம் தருகிறது. முடிவில் இடைவெளியுள்ள ABD9004, இடைவெளியற்ற ABD9004ஐவிடச் சற்றே பெரியது; ABD9007ஐவிடச் சிறியது. ஆகவே TRUE வழியில் அதற்குச் சரியான பெயரே கிடைத்தது, தற்செயலாக. நான்காம் உள்ளீட்டை விட்டால்தான் நன்றாக வேலை செய்கிறது, FALSE இட்டால் பிழைக்குறி வருகிறது என்று ஆசிரியர் சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். அவர்கள் கண்டது உண்மை. காரணம் இந்த இடைவெளி. பிழைக்குறி அங்கே குறையைச் சுட்டுகிறது; TRUE அதை மறைக்கிறது.

ஆதலின் நான்காம் உள்ளீடாக FALSE என எழுதுவதைத் தவிர்க்கலாகாது:

```
=VLOOKUP(A2,Master!$A$2:$B$5,2,FALSE)
```

இப்போது முதலாம், நான்காம் கிடைவரிசைகளுக்குப் பெயர் வரும். இரண்டாம், மூன்றாம் கிடைவரிசைகளில் #N/A என்று நிற்கும். இக்குறியைக் கண்டு சலிப்புறத் தேவையில்லை. அழகுக்காக IFERROR சார்பால் இதனை வெற்றிடமாக்கும் வழக்கமும் நமக்கு உடன்பாடன்று. இணைப்பு முழுதும் முடிந்து சரிபார்க்கப்படும் வரையிலேனும் #N/A கண்ணெதிரே நிற்கட்டும்.

அடுத்து, குறியீட்டைத் தூய்மை செய்ய வேண்டும். இடைவெளிகளை நீக்க TRIM சார்பு உண்டு என்பது பலர் அறிந்ததே. ஆனால் பிடிஎஃப் கோப்பிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ வரும் இடைவெளி, பல வேளைகளில் நாம் விசைப்பலகையில் தட்டும் இடைவெளியாக இராது. அது வரி முறியாமல் காக்கும் தனிவகை இடைவெளி. அதன் எண் 160. TRIM அதனைத் தொடுவதில்லை. TRIM இட்ட பின்னும் #N/A போகவில்லையே என்று மயங்குவோர், இதனையே முதலில் ஐயுற வேண்டும். பள்ளிக் குறியீட்டினுள் இடைவெளிக்கு எங்கும் இடமில்லையாதலால், இருவகை இடைவெளிகளையும் அடியோடு நீக்கிவிடலாம். மாற்றுப் பட்டியலின் C நெடுவரிசையில் இதனை எழுதுகிறோம்:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(A2,UNICHAR(160),"")," ","")
```

A நெடுவரிசையைத் திருத்தாமல் அப்படியே வைத்திருப்பது முக்கியம். கோப்பு எவ்வாறு வந்தது என்பதற்கு அதுவே சான்று. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பற்றிக் கவலை வேண்டா. VLOOKUP அவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை.

இப்போது சூத்திரம் A2க்கு மாறாக C2ஐத் தேடட்டும். குனோங் ராப்பாட் வந்துவிடும். எஞ்சியிருப்பது ABD90O2. இத்தகைய பிழைகளைக் காட்டிக்கொடுக்க, முன்னர்க் கூறிய ஏழிடமும் எழுத்து-இலக்க ஒழுங்கும் உதவுகின்றன.

```
=AND(LEN(C2)=7,LEFT(C2,3)="ABD",ISNUMBER(VALUE(RIGHT(C2,4))))
```

நீளம் ஏழா, முதல் மூன்று இடங்கள் ABDயா, கடைசி நான்கும் எண்ணாக மாறக்கூடியவையா என்று இது வினவுகிறது. FALSE என்று வரும் கிடைவரிசைகளை மட்டும் மூலக் கோப்போடு ஒப்பிட்டால் போதும். கடைசி நான்கு இடங்களில் உள்ள ஓ எழுத்துகளையெல்லாம் சுழியமாக மாற்றும் சூத்திரமும் எழுதலாம். ஆயினும் சில கிடைவரிசைகளே இருப்பின், மூலத்தைக் கண்ணால் பார்த்துக் கையால் திருத்துவதே மேல் என்பது நம் கருத்து. ஒன்று ஏழாகவும் மூன்று எட்டாகவும் படிக்கப்பட்ட இடங்களை எந்தச் சூத்திரமும் அறியாது. அவை ஒழுங்கான குறியீடாகவே தோன்றும்.

தபால் குறியீட்டைக் கொண்டு இதே வேலையைச் செய்ய விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. விரிதாள், முற்றிலும் இலக்கங்களாலான குறியீட்டை எண்ணெனக் கருதி, முன்னிற்கும் சுழியத்தை உதிர்த்துவிடும். ஈப்போவின் 30000இல் இது தெரியாது. அலோர் ஸ்டாரின் 05000 அங்கே 5000 ஆகிவிடும். பேராக்கில் செய்து பார்த்துச் சரியென்று கொண்ட முறை, கெடாவுக்குப் போனதும் பொய்க்கும். மேலும் ஒரு பட்டியலில் எண்ணாகவும் மற்றொன்றில் எழுத்தாகவும் உள்ள 30000, பார்வைக்கு ஒன்றாயினும் பொருந்துவதில்லை. பள்ளிக் குறியீட்டின் முன்னே எழுத்துகள் நிற்பதால் இத்தொல்லை நமக்கு இல்லை.

பிடிஎஃப் மாற்றத்தில் மற்றொரு குறையும் வழக்கமாக நேரும். நீண்ட பெயர் இரு வரிகளாக மடிந்திருந்தால், மாற்றும்போது அது இரு கிடைவரிசைகளாகிவிடும். இரண்டாவதில் குறியீடு இராது, பெயரின் வால் மட்டும் இருக்கும். பக்கந்தோறும் வரும் தலைப்பு வரியும் இடையிடையே புகுந்திருக்கும். மேற்கண்ட சோதனைச் சூத்திரம் இவற்றையும் பிழையாகவே காட்டும். மடிந்த வாலை மேல்வரியோடு சேர்த்துவிட்டு, தலைப்பு வரிகளை நீக்குக.

எல்லாக் கிடைவரிசைகளுக்கும் பெயர் வந்துவிட்டதென்றால் வேலை முடிந்ததா? பாதிதான் முடிந்தது. மாற்றுப் பட்டியலில் உள்ளவை யாவும் முதன்மைப் பட்டியலில் உள்ளன என்பது மட்டுமே இதுவரை தெரிந்தது. முதன்மைப் பட்டியலில் உள்ள ஒரு பள்ளி மாற்றுப் பட்டியலில் விடுபட்டிருந்தால் VLOOKUP அதைச் சொல்லாது. இல்லாத கிடைவரிசைக்கு எவ்வாறு பிழைக்குறி தோன்றும்? எனவே எதிர்த்திசையிலும் பார்க்க வேண்டும். Master தாளில், ஒவ்வொரு பள்ளிக்கும் எதிரே இதனை எழுதுகிறோம்:

```
=COUNTIF(Converted!$C$2:$C$5,A2)
```

ஒவ்வொன்றுக்கும் 1 என்று வர வேண்டும். 0 என்றால் அப்பள்ளி மாற்றத்தில் தொலைந்தது. 2 என்றால் ஒரே குறியீடு இருமுறை வந்துள்ளது. அதாவது ஒரு பள்ளி இருமுறை பதிவாகியுள்ளது, அல்லது ஒரு பள்ளியின் குறியீடு தவறாகப் படிக்கப்பட்டு மற்றொன்றின் குறியீடாகிவிட்டது. ஒழுங்கான குறியீடு போலத் தோன்றும் பிழைகள் பெரும்பாலும் அகப்படுவது இங்கேதான்: ஒரு பள்ளிக்கு 0, வேறொன்றுக்கு 2. நம் நான்கு பள்ளிகளில் கையால் திருத்துமுன் இச்சோதனையைச் செய்திருந்தால், கிந்தா கெல்லாஸுக்கு எதிரே 0 நின்றிருக்கும். முழுப் பட்டியலுக்குச் செய்யும்போது பரப்பை 2 முதல் 135 வரை நீட்டுக. தலைப்பு வரி ஒன்று, பள்ளிகள் 134.

முதன்மைப் பட்டியலிலேயே ஒரு குறியீடு இருமுறை இருந்தால் VLOOKUP மேலுள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு அமைதியாகப் போய்விடும். அதனால் அப்பட்டியலின் மீதே ஒருமுறை COUNTIF செய்து பார்த்தல் நன்று.

VLOOKUPக்குள்ள குறைகளில் ஒன்றை மட்டும் சொல்லி அமைகிறோம். அது குறியீட்டு நெடுவரிசையின் வலப்புறம் உள்ளவற்றையே தரும். எத்தனையாவது நெடுவரிசை என்பதையும் எண்ணாகவே கேட்கும். முதன்மைப் பட்டியலில் குறியீட்டுக்கும் பெயருக்கும் நடுவே யாரேனும் மாவட்டம் என்று ஒரு நெடுவரிசையைச் செருகினால், பெயர் வந்த இடங்களிலெல்லாம் பாத்தாங் பாடாங், கிந்தா, கோலகங்சார் என்று வந்து நிற்கும். எண்ணுக்கு மாறாக நெடுவரிசையையே சுட்டும் சார்பைப் பயன்படுத்தினால் இது நேராது:

```
=XLOOKUP(C2,Master!$A$2:$A$5,Master!$B$2:$B$5)
```

XLOOKUP, வேறு சொல்லாதவரை, சரியான பொருத்தத்தையே தேடும். FALSE எழுத மறந்தாலும் தீங்கில்லை. எக்செல் 2021 முதலான பதிப்புகளிலும் கூகல் ஷீட்ஸிலும் இது உண்டு. பள்ளிக் கணினி அறையில் அதற்கு முந்தைய எக்செல் இருந்தால், INDEX, MATCH என்னும் இரண்டையும் சேர்த்து இதே பயனைப் பெறலாம். MATCH சார்பின் இறுதியில் 0 இட மறக்கலாகாது.

```
=INDEX(Master!$B$2:$B$5,MATCH(C2,Master!$A$2:$A$5,0))
```

இணைத்த பட்டியலைப் பிறர்க்கு அனுப்புமுன், பெயர் நெடுவரிசையை நகலெடுத்து மதிப்புகளாக மட்டும் ஒட்டிவிடுக. இல்லையேல் Master தாள் இல்லாத கணினியில் பெயர்கள் கெடும். குறியீட்டு நெடுவரிசையை மட்டும் எக்காரணங்கொண்டும் நீக்கற்க. அச்சில் அது தேவைப்படாவிடினும், அடுத்த ஆண்டு இதே பட்டியலை வேறொன்றோடு இணைக்க வருபவர்க்கு அது இன்றியமையாதது. பெயரில் இன்னும் தோட்டத்தைத் தாங்கியிருக்கும் பள்ளிகள் பலவற்றைச் சுற்றி இன்று ரப்பர் மரங்கள் இல்லை. செம்பனையோ வீடமைப்புப் பகுதியோ உள்ளது. சில பள்ளிகள் தோட்டத்தைவிட்டே நகர்ந்துவிட்டன. முகவரியைக் கொண்டு இன்னது எனத் துணிய முயல்வோர் அங்கே தடுமாறுவர். இடம் மாறிய பள்ளிக்குப் பழைய குறியீடே தொடர்கிறதா என்பதை அமைச்சின் நடப்புப் பட்டியலில் பார்த்தே முதன்மைப் பட்டியலைத் திருத்த வேண்டும்.

குறியீடு பெயரைச் சரியான இடத்தில் சேர்க்கும். அப்பெயரைத் தமிழில் எவ்வாறு எழுதுவது என்பதை அது சொல்லாது. கெல்லாஸா கெல்லஸா, குனோங்கா குனுங்கா, ராப்பாட்டா ராபாட்டா என்னும் வினாக்களுக்கு நாம் கொண்ட வழி, பள்ளியின் பெயர்ப்பலகையில் உள்ளதை ஏற்பது. பலகையில் தமிழ் மங்கியிருந்த ஓரிரு இடங்களில் தலைமையாசிரியரைத் தொலைபேசியில் அழைத்து, எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டோம்.